முதலில் ஆயத்தமாக வேண்டியவர்கள் அம்மாவும் அப்பாவும்

இலங்கையில் ஒரு பிள்ளை சுட்டெண் குத்திக்கொண்டு எழுதுகிற முதல் பரீட்சை தரம் 5 புலமைப்பரிசில். அதுவரைக்கும் பரீட்சை என்றால் தவணைப் பரீட்சைதான். தெரிந்த ரீச்சர், பழகிய மேசை, பக்கத்தில் கூட்டாளி. பத்து வயதில் முதல் தடவையாகப் பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாளை, முன்பின் தெரியாத மேற்பார்வையாளரின் கையிலிருந்து, நாடு முழுவதும் ஒரே மணிக்கு வாங்குகிறது பிள்ளை. ஆண்டுதோறும் மூன்று லட்சம் அளவில் பிள்ளைகள் இதை எழுதுகிறார்கள்.

நான் தரம் 5 படிப்பித்த காலத்தில் கண்டது இது: வினாத்தாளைப் பார்த்து மட்டும் பயந்த பிள்ளைகள் குறைவு. வீட்டில் பரீட்சையைப் பற்றிப் பேசப்படும் விதத்தைப் பார்த்துப் பயந்த பிள்ளைகளே அதிகம். ஆகவே ஆயத்தத்தைப் பெற்றோரிடமிருந்து தொடங்க வேண்டும். அதிலும், இந்தப் பரீட்சை எதைத் தீர்மானிக்கிறது, எதைத் தீர்மானிப்பதில்லை என்று அவர்கள் தெளிவாக அறிந்துகொள்வதிலிருந்து.

இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். முதலாம் பகுதியில் 40 வினாக்கள், ஒரு மணித்தியாலம். பெரும்பாலும் நுண்ணறிவு சார்ந்தவை. இரண்டாம் பகுதியில் 60 வினாக்கள், ஒன்றேகால் மணித்தியாலம். தமிழ், கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், இரண்டாம் மொழி எல்லாம் அதில் வரும். பெறுபேறு வந்ததும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும், மொழிமூலத்துக்கும் ஒரு வெட்டுப்புள்ளி அறிவிக்கப்படும். ஊரிலே இதைத்தான் ‘பாஸ்’ என்கிறார்கள். ஆனால் வெட்டுப்புள்ளி ‘இவ்வளவு தெரிந்தால் போதும்’ என்று முன்கூட்டியே போட்ட கோடு அல்ல. கொடுப்பதற்கு எத்தனை இடங்கள் இருக்கின்றன என்பதை வைத்து, மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, இடம் முடிகிற இடத்தில் போடப்படுகிற கோடு. அண்மைய ஆண்டுகளில் அதைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர். எல்லாப் பிள்ளைகளும் ஒருசேர நன்றாகப் படித்தாலும் அந்த ஆறில் ஒன்று அரைவாசியாகிவிடாது. கோடுதான் மேலே போகும்.

இதைப் பெற்றோருக்குக் கூட்டத்தில் விளங்கப்படுத்தினால் மண்டபம் ஒருகணம் அமைதியாகிவிடும். முப்பத்தாறு பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால், சராசரியாக ஆறு பேர் தாண்டுவார்கள், முப்பது பேர் தாண்டமாட்டார்கள். அந்த முப்பது பேருடைய வீடுகளிலும் ‘பெயில்’ என்ற சொல் புழங்கினால், பத்து வயதில் தன்னைத் தோற்றவன் என்று நம்புகிற முப்பது பிள்ளைகளோடு நாங்கள் ஆறாம் தரத்தைத் தொடங்குகிறோம். உண்மையில் தேர்ச்சியைக் காட்டுவதற்கு வேறொரு அளவு இருக்கிறது: 70 புள்ளிகளும் அதற்கு மேலும். ஆரம்பப் பிரிவில் படித்தது கைக்குள் வந்திருக்கிறதா என்று அறிய விரும்பும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அடுத்தது, இந்தப் பெறுபேறு உங்கள் வீட்டில் எதற்குப் பயன்படப் போகிறது என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1940களில் வந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளைகள் மத்திய கல்லூரிகளுக்குப் போவதற்கான வழியாகவே இந்தப் பரீட்சை இருந்தது. இன்றைக்கும் அதற்கு இரண்டு வேலைதான்: வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவுதொகை, ஆறாம் தரத்தில் பெயர்பெற்ற பாடசாலை ஒன்றுக்கு மாறுவதற்கான இடம். உங்கள் பிள்ளை படிக்கும் பாடசாலையிலேயே உயர்தரம் வரை இருக்கிறது, மாற்றும் எண்ணமும் உங்களுக்கு இல்லை, உதவுதொகைக்கான வருமான எல்லைக்குள்ளும் நீங்கள் வரமாட்டீர்கள் என்றால், இந்தப் பரீட்சை உங்கள் வீட்டில் எதையுமே மாற்றப்போவதில்லை. பிள்ளை அதை ஒரு நல்ல அனுபவமாக எழுதிவிட்டு வரலாம். அப்படியிருந்தும் அதே வீட்டில் மூன்று ரியூசன் ஓடுவதைக் கண்டிருக்கிறேன். உதவுதொகை உண்மையாகவே தேவைப்படுகிற வீட்டில் நிலைமை வேறு. அங்கே அக்கறையாகப் படிக்க வேண்டிய காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காசுக்கணக்கைப் பிள்ளையின் தோளில் ஏற்ற வேண்டிய காரணம் அங்கேயும் இல்லை.

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் எனக்குத் தெரிந்த ஒரு சிறுமியின் கதையைச் சொன்னால் மிச்சம் விளங்கும். அமைதியான, வாசிப்பில் நல்ல ஆர்வமுள்ள பிள்ளை. தரம் 5 இரண்டாம் தவணையில் சனிக்கிழமைகளில் வயிற்றுநோவு தொடங்கியது. “அம்மா, வயிறு நோகுது” என்று காலைச் சாப்பாட்டை ஒதுக்குவாள். பூச்சி மருந்து கொடுத்தார்கள், வைத்தியரிடமும் காட்டினார்கள், ஒன்றும் இல்லை. வார நாளில் நோவு வருவதில்லை, மாதிரி வினாத்தாள் இருக்கிற சனிக்கிழமைகளில் மட்டுமே வருகிறது என்பதைக் கண்டுபிடித்தது அம்மம்மா.

பிள்ளை நோவை நடிக்கவில்லை. பயத்துக்கு வயிறு உண்மையாகவே நோகும். பத்து வயதுப் பிள்ளைக்கு ‘எனக்குப் பதற்றமாக இருக்கிறது’ என்று சொல்லத் தெரியாது. வயிறு, தலை, நித்திரை வழியாகத்தான் அது வெளியே வரும். ஒரு குறிப்பிட்ட நாளிலோ ஒரு குறிப்பிட்ட வேலைக்கு முன்போ நோவு வந்து, அது முடிந்ததும் தானாக மாறினால், அதைப் பதற்றமாக எடுத்துக்கொண்டு காரணத்தைத் தேடலாம்.

அந்த வீட்டில் காரணம் சமையலறை நாட்காட்டியில் தொங்கியது. ஒவ்வொரு சனிக்கிழமைக் கட்டத்திலும் சிவப்புப் பேனையால் புள்ளி: 128, 131, 119, 104. பக்கத்தில் மச்சாளின் மகனுடைய புள்ளியும். பிள்ளை படலையைத் திறந்து உள்ளே வரும்போதே அப்பா கேட்பார், “எத்தினை?” அவர் கடுமையான மனிதர் அல்ல. மகளின் படிப்பில் அக்கறை இருப்பதைக் காட்ட அவருக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

புள்ளி ஏன் இறங்குகிறது என்று அந்த 104 புள்ளித் தாள்களை விரித்து வைத்துப் பார்த்தோம். முதலாம் பகுதியில் 14 வினாக்கள் போயிருந்தன. அவற்றில் விஷயம் தெரியாமல் போனவை நான்கு மட்டுமே. மூன்று வினாக்கள் வாசிப்புப் பிழை: ‘பொருந்தாதது எது’ என்று கேட்டிருக்க, பொருந்துவதைத் தெரிந்திருந்தாள். மிச்சம் ஏழும் கடைசிப் பக்கங்களில், கையே வைக்காத வினாக்கள். எங்கே நேரம் போனது என்று கேட்டதற்கு, பதினோராவது வினாவைக் காட்டினாள். ஓர் எண்கோலம். அது வரவில்லை, வராமல் விட்டுப் போகப் பயம். அழித்து அழித்துத் தாள் மெலிந்துபோயிருந்தது.

நாற்பது வினாவுக்கு அறுபது நிமிடம் என்றால் ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். ஒரே வினாவில் பத்து நிமிடம் நின்றால், அதைச் செய்து முடித்தாலும் வேறு ஆறு வினாக்களின் நேரம் போய்விடுகிறது. இதில் படிப்புக் குறை ஒன்றுமில்லை. ஒரு கணக்கைச் செய்யும்போது எண்களையும் கேள்வியையும் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்த இடம் எல்லோருக்கும் சிறியது. ‘இது பிழைத்தால் அப்பா என்ன சொல்லுவார்’ என்ற யோசனையும் அதே இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. பிறகு ‘பொருந்தாதது’ என்ற சொல் கண்ணில் பட்டும் மனதில் பதியாது. பதற்றப்படுகிற பிள்ளை வீட்டில் சுலபமாகச் செய்கிற கணக்கை மண்டபத்தில் பிழைப்பதற்குக் காரணம் இதுதான். அதைக் கவனயீனம் என்று திட்டினால், அடுத்த முறை பிடிபடுகிற இடம் இன்னும் கூடும்.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரேயொரு வேலை. ஒரு வினா இரண்டாம் வாசிப்பிலும் பிடிபடாவிட்டால், பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது. கடைசிவரை போன பிறகு புள்ளி வைத்தவற்றுக்குத் திரும்பி வருவது. கேட்க இலகு, செய்யக் கஷ்டம், ஏனென்றால் நல்லாய்ப் படிக்கிற பிள்ளைக்கு விட்டுப் போவது தோல்விபோலத் தெரியும். ஆகவே முதலில் விளையாட்டாகப் பழக்கினோம்: பத்து வினாக்கள் கொடுத்து, அதில் கட்டாயம் இரண்டையாவது விட்டுப் போகச் சொன்னோம். மூன்று நான்கு வாரத்தில் கை வைக்காத வினா ஒன்றோ இரண்டோ ஆகிவிட்டது. புதிதாக அவள் ஒன்றும் படிக்கவில்லை.

வீட்டில் மாற்றியது மூன்று விஷயம். நாட்காட்டியில் புள்ளி எழுதுவது நின்றது. சனிக்கிழமை கை கால் கழுவிச் சாப்பிட்டு முடியும்வரை தாளைப் பற்றிப் பேச்சில்லை. பிறகு அப்பா கேட்கும் கேள்வி மாறியது: “குஞ்சு, இண்டைக்கு எந்தக் கேள்வி உன்னை மினக்கெடுத்தினது?” எத்தினை என்ற கேள்விக்கு ஒரு எண்தான் பதில். இந்தக் கேள்விக்குப் பிள்ளை தாளை எடுத்துவந்து காட்ட வேண்டியிருக்கும். தாள்களைத் திருத்தும்போது பிழைகளை அதே மூன்று வகையாகப் பிரித்தார்கள்: தெரியாதது, பிழையாய் வாசித்தது, நேரம் போதாதது. முதல் வகைக்கு மட்டுமே படிப்புத் தேவை. மற்ற இரண்டுக்கும் இன்னொரு ரியூசன் மருந்தல்ல. வாரம் ஒரு முழு வினாத்தாள், அதை ஆற அமர இப்படிப் பார்ப்பது, இவ்வளவே போதும். நாளுக்கொரு தாள் செய்கிற பிள்ளைக்குப் பிழையைத் திரும்பிப் பார்க்க நேரமே இருக்காது.

வயிற்றுநோவு ஒரே நாளில் மாறவில்லை. படிப்படியாகக் குறைந்து, மூன்றாம் தவணை தொடங்கும்போது நின்றிருந்தது.

மெச்சுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 1998இல் அமெரிக்காவில் குளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பங்குபற்றியவர்களும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான். சில புதிர்களைச் செய்யவைத்து, ஒரு பகுதியினரிடம் ‘நீ கெட்டிக்காரப் பிள்ளை’ என்றும், இன்னொரு பகுதியினரிடம் ‘நன்றாக முயன்றிருக்கிறாய்’ என்றும் சொன்னார்கள். பிறகு கஷ்டமான புதிர்களைக் கொடுத்து எல்லோரையும் தடுமாற வைத்து, மூன்றாவதாக முதல் மட்டத்துப் புதிர்களையே மறுபடி கொடுத்தார்கள். முயற்சிக்காக மெச்சப்பட்டவர்கள் முதல் முறையைவிட நன்றாகச் செய்தார்கள். கெட்டிக்காரர் என்று மெச்சப்பட்டவர்கள் முதல் முறையைவிடக் குறைவாகச் செய்தார்கள். தங்கள் புள்ளியை வேறொரு பிள்ளைக்கு எழுதி அனுப்பச் சொன்னபோது, இவர்களில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேர் புள்ளியைக் கூட்டி எழுதியிருந்தார்கள். கெட்டிக்காரி என்ற பட்டத்தை வாங்கிய பிள்ளைக்கு அதைக் காப்பாற்றுகிற வேலையும் சேர்ந்து வந்துவிடுகிறது. எங்கள் வீடுகளில் இது அன்பான சொல்; ஆனாலும் பரீட்சைக் காலத்தில், பிள்ளை செய்த வேலையின் பெயரைச் சொல்லியே மெச்சுங்கள்: “விட்டுட்டுப் போய்த் திரும்பி வந்து செய்திருக்கிறாய், வடிவாய் இருக்கு.”

இதே காரணத்துக்காகத்தான், ‘வெட்டுப்புள்ளி தாண்டினால் சைக்கிள்’ என்ற பேரத்தை நான் எதிர்க்கிறேன். சைக்கிள் வாங்கிக் கொடுக்க முடியுமென்றால், பரீட்சை முடிந்ததற்காக வாங்கிக் கொடுங்கள். பெறுபேறு வருவதற்கு முந்தியே கொடுத்துவிடுங்கள். நேர்த்தியும் அப்படித்தான். பிள்ளையோடு கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வருவது மனதுக்கு ஆறுதல். ‘நீ பாஸ் பண்ணினால் நல்லூரானுக்குக் காவடி’ என்று பிள்ளையின் காதுபட நேருவது, கடவுளுக்குக் கொடுத்த வாக்கையும் அதன் தலையில் வைப்பது.

பரீட்சைக்கு இரண்டு மூன்று வாரம் முந்தி ஒத்திகை ஒன்று வைக்கலாம். இது பாடத்துக்கான ஒத்திகை அல்ல, அந்த நாளுக்கான ஒத்திகை. பிள்ளையைப் பதறவைப்பவற்றில் பாதி, பாடத்தோடு சம்பந்தமில்லாத சின்னச் சின்னப் புதுமைகள். அண்மைய ஆண்டுகளில் இரண்டாம் பகுதியே முதலில் நடக்கிறது: காலை 9.30 முதல் 10.45 வரை. அரை மணித்தியால இடைவேளைக்குப் பிறகு 11.15 முதல் 12.15 வரை முதலாம் பகுதி. இது தெரியாத பிள்ளைக்குத் தாளைப் பார்த்ததும் ‘தாள் மாறிப்போச்சு’ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த ஆண்டுக்கான நேர அட்டவணையைப் பாடசாலையில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில், அதே ஒழுங்கில், வீடல்லாத ஓரிடத்தில் நடத்துங்கள். சனசமூக நிலையம் ஒன்றின் மேசை போதும். மேற்பார்வைக்கு அம்மா இருக்கக்கூடாது. பிள்ளைக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு மாமியோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ இருக்கட்டும். சீருடையின் இடப்பக்கம் ஒரு சுட்டெண்ணைக் குத்திவிட்டு, தாளில் உரிய இடங்களில் அதை எழுதப் பழக்குங்கள்.

இடையில் பென்சிலைக் கீழே விழுத்தச் சொல்லுங்கள். கை உயர்த்தி “மிஸ், பென்சில் விழுந்திட்டுது” என்று கேட்கட்டும். “ரொயிலற் போகவேணும்” என்று தெரியாத ஒருவரிடம் கேட்கப் பழகட்டும். கேட்க வெட்கப்பட்டு ஒரு மணித்தியாலம் அடக்கிக்கொண்டு எழுதிய பிள்ளையின் தாளை நான் பார்த்திருக்கிறேன். கடைசி இருபது வினாக்களின் எழுத்தே வேறு. இடைவேளையில் கூட்டாளிமார் “பத்தாவதுக்கு என்ன போட்டனி?” என்று வருவார்கள். “முடிஞ்சாப் பிறகு கதைப்பம்” என்ற ஒரு வசனத்தை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். ஒத்திகைத் தாளை அன்றைக்குத் திருத்தவேண்டாம். இப்படியொரு ஒத்திகை ஒருமுறை போதும், கூடினால் இரண்டு முறை. வாரா வாரம் நடத்தினால் அதுவே இன்னொரு பரீட்சையாகிவிடும்.

கடைசி நாட்களுக்குத் திணைக்களமே ஓர் உதவி செய்து வைத்திருக்கிறது. பரீட்சைக்கு நான்கைந்து நாள் இருக்கையில் ரியூசன் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றுக்கும் தடை வந்துவிடும். அதைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் ரகசிய வகுப்பு வைக்காதீர்கள். இந்த நாட்களில் பிள்ளைக்குத் தேவை ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரை. ஆனால் முதல்நாள் இரவு மட்டும் எட்டு மணிக்குப் படுக்கச் சொன்னால் பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். ஒரு கிழமைக்கு முந்தியே படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுவாருங்கள். முதல்நாள் மாலை வெளிநாட்டிலிருந்து சித்தப்பா, பெரியம்மா என்று வரிசையாக வாழ்த்து அழைப்பு வரும். பிள்ளையின் கையில் ஃபோனைக் கொடுக்காமல் நீங்களே பேசி நன்றி சொல்லிவிடலாம். காலைச் சாப்பாடு, பிள்ளை வழக்கமாகச் சாப்பிடுவதே. அன்றைக்கென்று புதுப் பலகாரம் வேண்டாம்.

இவ்வளவு செய்தும் சில பிள்ளைகளுக்குப் பதற்றம் அடங்காது. பரீட்சை முடிந்து பல வாரம் ஆன பிறகும் நித்திரை குழம்புவது, நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்புவது, பள்ளிக்கூடம் போகவே மறுப்பது, ‘நான் ஒண்டுக்கும் உதவாதவள்’ என்று அடிக்கடி சொல்வது, இவை வீட்டுக்குள் வைத்துச் சமாளிக்கிற விஷயங்கள் அல்ல. பிள்ளையை அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பரீட்சை முடிந்து கேற்றடியில் வரும்போது அங்கேயே விடை பார்க்கும் கூட்டத்துக்குள் பிள்ளையை நிறுத்தாதீர்கள். பசிக்குதா என்று கேட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். பெறுபேறு பெரும்பாலும் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எதிர்பாராத நேரத்தில் வரும். வந்த அரை மணித்தியாலத்துக்குள் ஊர் முழுக்க வட்ஸ்அப்பில் ஓடும். முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். உங்கள் முகம் மாறினாலும் அதைப் பிள்ளை பார்க்காத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு எண்ணைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அந்தச் சிறுமியின் அப்பா சொல்வதற்கென்று முன்கூட்டியே ஒரு வசனத்தை ஆயத்தமாக வைத்திருந்தார். அவளுக்கு 126 வந்தது. கோட்டுக்குச் சில புள்ளிகள் கீழே. “நூற்றி இருபத்தாறு. வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. இனி உன்ர பள்ளிக்கூடத்திலயே ஆறாம் ஆண்டு. கொப்பி வாங்கச் சனிக்கிழமை ரவுணுக்குப் போவம்.” அவள் கொஞ்சம் அழுதாள். அழவிட்டார்கள். பிறகு மச்சானுக்கு எத்தினை என்று கேட்டாள். தெரியாது என்றார் அப்பா. அவர் உண்மையிலேயே பார்த்திருக்கவில்லை.